ஆறு விநாடியில் ஓர் அரங்கேற்றம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். மேடை நிகழ்ச்சிகளின் பழைய ஒளிப்பதிவுகளைச் சேர்த்து, கேசட்டில் இருப்பதைக் கணினிக்கு மாற்றி, இணையத்தில் பார்க்க வைப்பதுதான் வேலை. அரங்கேற்றம், நாடகம், பட்டிமன்றம், இசைக் கச்சேரி, அஞ்சலிக் கூட்டம் என்று கிட்டத்தட்ட 2,100 வீடியோக்கள் சேர்ந்திருந்த நேரத்தில்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி முன்னோட்டம் செய்யும் வேலை என்னிடம் வந்தது. பட்டியலில் உள்ள படத்தின் மேல் மவுசைக் கொண்டுபோனால் அது ஆறு விநாடி ஓட வேண்டும், சத்தம் இல்லாமல். பார்க்கிறவர் வீடியோவைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன், ஆறு வாரம் போனது.

முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான், வீடியோவின் முதல் ஆறு விநாடியை வெட்டிப் போட்டேன். பட்டியலைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் கறுப்புத் திரை, மீதி எல்லாம் குத்துவிளக்கு. எங்கள் நிகழ்ச்சிகள் அப்படித்தானே தொடங்கும்! சரி, வீடியோ முழுவதிலும் இருந்து சம இடைவெளியில் ஆறு துண்டு எடுப்போம், ஒவ்வொன்றும் ஒரு விநாடி என்று மாற்றினேன். எண்ணம் சரிதான், ஆனால் அதைச் செய்த விதம் பிழை. எனக்கு வேண்டிய ஆறு இடங்களைப் பொறுக்கச் சொல்லி முழு வீடியோவையும் ffmpeg என்ற வீடியோ வெட்டும் மென்பொருளுக்குள் ஓட விட்டிருந்தேன். அது ஒவ்வொரு படத்தையும் விரித்துப் பார்த்துவிட்டு வேண்டாததை எறிந்துகொண்டு போனது. சராசரியாக ஒரு வீடியோவுக்கு ஆறு நிமிடம், 2,100 வீடியோவுக்கு 210 மணித்தியாலம், அதாவது கணினி ஒன்பது நாள் ஓய்வில்லாமல் ஓட வேண்டும்.

பதில் ஒரு சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் இருந்தது. `-ss` என்ற நேரக் குறிப்பை, கோப்பின் பெயரைச் சொல்லும் `-i`-க்குப் பின்னால் எழுதினால் ffmpeg முதலில் இருந்து அந்த நேரம் வரை எல்லாவற்றையும் விரித்துக்கொண்டே வரும். முன்னால் எழுதினால் கோப்பின் அட்டவணையைப் பார்த்து நேரே அங்கே தாவும். தாவுவது என்றாலும் கேட்ட விநாடியில் போய் நிற்க முடியாது. வீடியோவில் எல்லாப் படமும் முழுப் படம் இல்லை. இடையிடையே ஒரு முழுப் படம், அதைக் கீ ஃபிரேம் என்பார்கள், மற்றவை பக்கத்துப் படங்களில் இருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். வீடியோவைச் சுருக்கும் x264 என்ற மென்பொருளைத் தன்பாட்டில் விட்டால் 250 படத்துக்கு ஒரு கீ ஃபிரேமாவது வைக்கும், விநாடிக்கு 25 படம் என்ற நம் ஊர்க் கணக்கில் அது பத்து விநாடி. ஆகவே ffmpeg கேட்ட இடத்துக்கு முந்திய கீ ஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து கூடினால் பத்து விநாடியை விரித்துத் தள்ளிவிட்டு, சரியான இடத்தில் தொடங்கும். ஆறு துண்டுக்கும் சேர்த்து ஏழு விநாடிதான் ஆனது.

வேகம் வந்த பிறகுதான் உண்மையான பிரச்சினை தெரிந்தது. ஒரு அரங்கேற்றத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். 2 மணி 14 நிமிடம், அதாவது 8,040 விநாடி. சம இடைவெளியில் எடுத்த ஆறு துண்டில் விளக்கேற்றல் ஒன்று, பிரதம விருந்தினர் உரை ஒன்று, உடை மாற்றும் நேரத்தில் மூடிய திரை ஒன்று. ஆடுகிற பிள்ளை மூன்றில்தான் இருந்தாள். நான்கு ஐந்து வருடம் பயின்று ஏறிய மேடை, முன்னோட்டத்தில் பாதி மைக்கும் திரையும். எனக்கே மனம் ஒப்பவில்லை.

ஆடுவது எது, பேசுவது எது என்று கணினிக்கு எப்படிச் சொல்வது? அலுவலகத்தில் எங்கள் மூத்த எடிட்டர் அண்ணை பிளேன்டீயோடு வந்து பின்னால் நின்று பார்த்தவர், "தம்பி, அந்தத் துண்டுகளின்ர சைஸைப் பாத்தீரா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் வழி இருந்தது. தரத்தை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, அதாவது `-crf` எண்ணை மாற்றாமல் வெட்டினால், அசைவு கூடிய துண்டு பெரிய கோப்பாக வரும், அசையாதது சின்னதாக வரும். மாறியதை மட்டும் குறித்து வைக்கும் முறையில் மாற்றம் கூடக் கூட எழுத வேண்டியதும் கூடும்தானே. ஆகவே கோப்பின் பருமனே அசைவின் அளவுகோல், வேறு கருவி ஒன்றும் தேவையில்லை.

அப்புறம் இப்படிச் செய்தேன். வீடியோவின் 15 சதவீதத்தில் தொடங்கி 85 சதவீதம் வரை ஆறுக்குப் பதில் பதினெட்டுத் துண்டு. அந்த அரங்கேற்றத்தில் 1,206ஆம் விநாடியில் முதல் துண்டு, பிறகு ஐந்தரை நிமிடத்துக்கு ஒன்று. அவற்றை மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றிலும் பெரியதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவது. மூன்றாவது கூட்டத்தில் என்ன நடந்தது என்றால், 53ஆம் நிமிடத்துத் துண்டு 11 கேபி, அது விருந்தினர் உரை. 58ஆம் நிமிடத்தது 34 கேபி, பதவர்ண நடனத்தில் தீர்மானம் என்ற வேகமான அடவு வரிசை. 64ஆம் நிமிடத்தது வெறும் 3 கேபி, மூடிய திரை. நடுவில் உள்ளது நின்றது. அதை வெட்டிய வரி இது:

```
ffmpeg -nostdin -v error -ss 3523 -t 1 -i in.mp4 -an \
  -vf "bwdif,scale=320:180,setsar=1,fps=12" \
  -c:v libx264 -crf 30 -pix_fmt yuv420p p08.mp4
```

பழைய கேசட்டுகளில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும், அதுவும் பருமனைக் கூட்டும். ஆனால் ஒரு வீடியோவின் துண்டுகளை அதே வீடியோவின் துண்டுகளோடு மட்டுமே ஒப்பிடுவதால் அது பாதிக்கவில்லை. ஏமாற்றியது வேறு. கமரா பார்வையாளர் பக்கம் வேகமாகத் திரும்பினால் அந்தத் துண்டு நடனத்தை விடப் பெரியதாக வரும். அதைவிட மோசம் பிளாஷ் வெளிச்சம், ஒரு விநாடியில் மூன்று பிளாஷ் அடித்தால் கோப்பு ஊதிப்போய்விடும். விளக்கேற்றும்போது படம் பிடிப்பவர்கள் எல்லாரும் முன்னால்தானே நிற்பார்கள், 15 சதவீதத்தில் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். மீதியைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தினேன். நூறு முன்னோட்டங்களை ஒரே பக்கத்தில் ஓட விட்டால் பிழையானது தானாகவே கண்ணில் குத்தும்.

அந்த வரியில் உள்ள `bwdif` பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதல் சுற்றில் அது இல்லை. முடிந்த முன்னோட்டத்தைப் பார்த்தால் அலாரிப்பில் பிள்ளை கையை நீட்டும்போதெல்லாம் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கை. கேசட் பதிவு ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாகப் பிடிக்கும், ஒற்றைக் கோடுகள் ஒரு கணத்தில், இரட்டைக் கோடுகள் ஒரு விநாடியில் 50இல் ஒரு பங்கு கழித்து. முழு அளவில் பார்த்தால் அசையும் கையின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரியும். அதை அப்படியே 180 கோடாகச் சுருக்கும்போது பற்கள் ஒன்றோடொன்று கலந்து இரட்டைக் கையாகிவிடுகின்றன. ஆகவே கோடுகளைப் பிரித்துச் சீராக்கும் வேலை சுருக்கும் வேலைக்கு முன்னால் நடக்க வேண்டும், வரியில் `bwdif` முதலில் நிற்பது அதற்காக. பின்னால் எழுதினால் பயனே இல்லை. கலந்ததைப் பிரிக்க முடியாது.

`-nostdin` இல்லாத நாளும் ஒன்று இருந்தது. வீடியோக்களின் பெயர்ப் பட்டியலை, பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கும் ஒரு `while read` சுழற்சிக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் பாதிக் கோப்புகள் இல்லை, பதிவேட்டில் பெயர்கள் எல்லாம் தலை வெட்டுண்டு கிடந்தன, `arangetram-0417.mp4` என்பது `getram-0417.mp4` என்று. ffmpeg விசைப்பலகையில் இருந்து கட்டளை வருமா என்று பார்க்கும் பழக்கம் உள்ளது, அது என் பட்டியலையே விசைப்பலகை என்று நினைத்து எழுத்துகளை விழுங்கியிருக்கிறது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்த பிறகு, வீடியோவுக்கு இருபது விநாடி வீதம் மாலை ஆறு மணிக்குப் போட்டது காலை ஆறு மணிக்கு முன் முடிந்திருந்தது.

ஆறு துண்டையும் மறுபடி சுருக்காமல் `concat` வழியாக ஒட்டி, முழுதும் இறங்கும் முன்பே ஓடத் தொடங்குவதற்காக `-movflags +faststart` போட்டால் அரங்கேற்றத்தின் முன்னோட்டம் 190 கேபி. அதையே ஜிஃப் ஆகச் செய்து பார்த்தேன், இரண்டரை எம்பிக்கு மேல் போனது, 256 நிறம்தான் என்பதால் பட்டுச் சேலை திட்டுத் திட்டாகவும் இருந்தது. போன் டேட்டாவில் பார்ப்பவர்கள் பலர் என்பதால் அதை உடனே விட்டேன். பக்கத்தில் `<video muted loop playsinline preload="none">` என்று வைத்து, மவுசு 300 மில்லிவிநாடி நின்றால்தான் இறங்கத் தொடங்கும்படி செய்தேன். இல்லாவிட்டால் பட்டியலின் குறுக்கே கை போகிற போக்கில் இருபது கோப்புகள் இறங்கிவிடும். போனில் மவுசு கிடையாது, அங்கே ஒரு நிலைப்படம் மட்டும், அதுவும் ஆறில் பெரிய துண்டின் நடுப் படம்.

நாடகங்களுக்கு எல்லையை மாற்ற வேண்டி வந்தது. ஒரு நெறியாளர் போன் எடுத்து, கடைசிக் காட்சியில் யார் இறக்கிறார் என்பது பட்டியலிலேயே தெரிகிறதே என்று கவலையோடு கதைத்தார். அவர் சொன்னது முழுக்க நியாயம். நாடகம் என்று குறித்தவற்றுக்கு 60 சதவீதத்தோடு நிறுத்திவிட்டேன்.

அஞ்சலிக் கூட்டங்கள்தான் கடைசியாக வந்தன. என் முறை அசைவைத் தேடுவது, அங்கேயோ எல்லாரும் அசையாமல் நிற்கிறார்கள், ஆகவே மாலை போடுவதும் கண்ணைத் துடைப்பதும்தான் பெரிய துண்டுகளாக வந்தன. ஓர் அம்மா புகைப்படத்தின் முன் நின்று சேலைத் தலைப்பை முகத்துக்குக் கொண்டுபோகும் ஒரு விநாடி, அது ஆறு விநாடிக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப ஓடுகிறது. பார்த்த அன்றே அந்தப் பிரிவில் இருந்த 140 வீடியோக்களின் முன்னோட்டங்களையும் அழித்தேன். அவற்றுக்கு இப்போது மாலை போட்ட படம் ஒன்றுதான், மவுசைக் கொண்டுபோனாலும் அசையாது.