இரண்டு முறை திரும்பி வந்த ஒரு சீனப் பத்தி

ஷென்ஜெனில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் சீனம் படிக்கிறேன். அடுத்த நிலைக்குப் போக, கணினியில் தட்டச்சு செய்த ஒரு பத்தியை ஒப்படைத்துத் தேற வேண்டும். பதிவு, கட்டணம், வாய்மொழித் தேர்வு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. பத்தி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. திருத்துபவர் எதையும் விளக்குவதில்லை. சிவப்பு வட்டம் போட்டு, ஓரத்தில் “அளவுச்சொல்”, “இடைச்சொல்”, “குறி” என்று ஒரு சொல் எழுதி அனுப்பிவிடுவார். எது தவறு என்பது தெரியும், ஏன் தவறு என்பது தெரியாது. அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் முதலில் கொடுத்தது இது:

```
上个月我去商场, 买了三个书和一个裤子. 店员是北京人, 她说的很快, 我听不懂了. 我问:"可以慢一点吗?" 她笑的很高兴. 裤子我送给妹妹, 她每天都穿了.
```

கடைக்குப் போய்ப் புத்தகமும் கால்சட்டையும் வாங்கியது, கடைப் பெண் வேகமாகப் பேசியது, கால்சட்டையைத் தங்கைக்குக் கொடுத்தது. கதை அவ்வளவுதான்.

அளவுச்சொல் வட்டங்கள் எளிதில் தீர்ந்தன. எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே 个 போட்டால் பேச்சில் பல இடங்களில் தப்பிவிடலாம். எழுத்தில் புத்தகத்துக்கு அது செல்லாது. கட்டிய நூலுக்கு 本. கால்சட்டைக்கு 条. ஆறு, சாலை, மீன் என நீண்டு வளைந்து கிடப்பவற்றுக்கு வரும் அதே சொல்தான் இது. இங்கே இரண்டு இடங்களில் கால் இடறும். உடை என்றதும் 件 போடத் தோன்றும். அது சட்டை, மேலங்கி போன்ற மேலுடைக்கு மட்டும்தான். கால்சட்டைக்கு இரண்டு கால் இருக்கிறதே என்று 双 போடவும் தோன்றும். அது செருப்பு, காலுறை போல இரண்டு தனித்தனிப் பொருள்கள் சேர்ந்த ஜோடிக்கு உரியது. பெயர்ச்சொல்லை மனப்பாடம் செய்யும்போதே 一本书, 一条裤子 என்று அளவுச்சொல்லோடு சேர்த்துப் படிப்பது ஒன்றே இதற்கு வழி. தனிப் பட்டியலாகப் படித்தால் எழுதும் நேரத்தில் கைகொடுக்காது.

என்னை நெடுநேரம் அலைக்கழித்தது 了. பத்தியில் ஓர் இடத்தில் அதை அடித்திருந்தார், ஓர் இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார், அது இல்லாத இன்னோர் இடத்தில் செருகியிருந்தார். மூன்றுக்கும் ஓரத்தில் ஒரே சொல்: “இடைச்சொல்”. கடைசியில் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் தாளை நீட்டினேன். அவர் 听不懂了 என்ற இடத்தில் விரலை வைத்துக் கேட்டார்: “அப்படியானால் அதுவரை கடைப் பெண் பேசியது உங்களுக்குப் புரிந்துகொண்டிருந்ததா?”

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது. தமிழில் வினை இறந்த காலத்தில் இருந்தால் அது வினையின் இடைநிலையிலேயே தெரிந்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் நாம் “நேற்று”, “போன மாதம்” என்று எழுதிய உடனே வினைக்குப் பின்னால் 了 ஒட்டிவிடுகிறோம். ஆனால் அது காலத்தைக் காட்டும் சொல் அன்று. ஒரு செயல் நிறைவேறியது, அல்லது ஒரு நிலை மாறியது என்பதைக் காட்டுவது. 我听不懂 என்றால் எனக்குப் புரியவில்லை. 我听不懂了 என்றால் முன்பு புரிந்தது, இப்போது புரியாமல் போய்விட்டது. வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருப்பதால்தான் திருத்துபவர் அடிக்காமல் கேள்விக்குறி போட்டிருக்கிறார். 每天都穿 என்பது நாள்தோறும் நடக்கும் வழக்கம். அங்கே முடிந்தது, மாறியது எதுவும் இல்லை, ஆகவே 了 நிற்க முடியாது. கால்சட்டையைத் தங்கைக்குக் கொடுத்தாயிற்று என்பதோ முடிந்த காரியம். அங்கே 送给妹妹了 என்று வந்தே தீர வேண்டும். இந்த விளக்கத்தை இரண்டு வரியில் ஓரத்தில் எழுதியிருந்தால் எனக்கு எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும்!

说的很快 என்பதில் 的 தவறு, 得 வேண்டும். மூன்று “த”க்களும் (的, 地, 得) காதுக்கு ஒன்றுபோலவே விழுவதால் கேட்டுப் பிடிக்க முடியாது. இடத்தைப் பார்க்க வேண்டும்: பெயருக்கு முன் 的, வினைக்கு முன் 地, வினைக்குப் பின் அது எப்படி நடந்தது என்று சொல்ல 得. சீனர்களே கைபேசிச் செய்திகளில் எல்லாவற்றுக்கும் 的 போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதை நம்பித் தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

இதையெல்லாம் திருத்தி மறுபடி கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது, இம்முறை குறிகளுக்காக மட்டும். முதல் தாளில் குறிகளின் ஓரத்தில் “முழு அகலம்”, அதாவது ஒரு சீன எழுத்தளவு அகலம், என்று எழுதியிருந்தார். அதை நம்பி, எழுத்து உள்ளீட்டின் அமைப்பில் முழு அகலம் என்று பெயரிட்டிருந்த நிலையை இயக்கிவிட்டுத்தான் தட்டச்சு செய்தேன். விண்டோஸின் பின்யின் உள்ளீட்டில் அதற்கு Shift + Space. காற்புள்ளிகள் ， என்று அழகாக அகன்று வந்தன. முற்றுப்புள்ளி மட்டும் 。 ஆக வராமல் ．என்று அகன்ற கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளியாக வந்தது. சிறிய எழுத்தளவில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அந்த நிலையில் 3 என்று தட்டச்சு செய்தால் அதுவும் ３ என்று வீங்கிவிடும். எண்களும் ஆங்கில எழுத்துகளும் சீனப் பத்தியிலும் அரை அகலத்திலேயே இருக்க வேண்டியவை.

நமக்குத் தேவை அந்த நிலை அன்று. சீனக் குறி நிலை. அதற்கு Ctrl + . அழுத்த வேண்டும். அதன்பின் புள்ளி விசை 。 தரும், பின்சாய்கோடு விசை பட்டியலுக்கான 、 தரும், Shift + 6 அழுத்தினால் …… வரும். குறிக்குப் பின் இடைவெளி விடவே கூடாது. அந்த இடைவெளி குறியின் கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

மேற்கோள் குறிதான் மிகவும் ஏமாற்றும். வளைந்த “ ” சீனத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கணினியில் ஒரே குறியீடு. ஆகவே சரியாகத் தட்டச்சு செய்தாலும், அந்த இடம் ஆங்கில எழுத்துருவில் இருந்தால் ஒடுங்கித் தெரியும். அழித்து அழித்துப் பயனில்லை. பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்துச் சீன எழுத்துருவுக்கு மாற்றினால் தானே விரியும். காற்புள்ளி கட்டத்தின் நட்டநடுவில் நின்றால் தைவான் அல்லது ஹாங்காங் எழுத்துரு என்று பொருள். சீனப் பெருநிலத்தில் அது கட்டத்தின் கீழ் இடது மூலையில் நிற்கும்.

ஏற்கப்பட்ட பத்தி இது:

```
上个月我去商场买了三本书和一条裤子。店员是北京人，她说得很快，我听不懂。我问：“可以慢一点吗？”她笑得很开心。裤子我送给妹妹了，她每天都穿。
```

高兴 போய் 开心 வந்தது பக்கத்து இருக்கைக்காரரின் யோசனை. முன்னதும் தவறில்லையாம், சிரிப்போடு சேர்த்துச் சொல்ல இது இயல்பாக இருக்கும் என்றார். வட்டமே இல்லாத அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

கட்டத் தாளில் கையால் எழுதப் போகிறவர்களுக்கு இன்னும் சில. பத்தித் தொடக்கத்தில் இரண்டு கட்டம் விட வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் ஒரு கட்டம், …… குறிக்கும் —— குறிக்கும் மட்டும் இரண்டிரண்டு கட்டம். முற்றுப்புள்ளியும் அதையடுத்து மூடும் மேற்கோளும் ஒரே கட்டத்தில் அடங்கும். எந்த வரியும் காற்புள்ளியிலோ முற்றுப்புள்ளியிலோ தொடங்கக் கூடாது. வரியின் கடைசிக் கட்டத்தில் எழுத்து விழுந்துவிட்டால் குறியையும் அதே கட்டத்துக்குள் ஒடுக்கி எழுதுங்கள்.