ஒரே விகாரம், வேறு வேறு கண்கள்: ஊடுருவுதிறன் வினாவை நான் படித்த வழி

பிறப்புரிமையியல் வினாத்தாளில் ஒரு வம்சாவளி வரைபடத்தைத் தந்து, "ஆட்சியான விகாரம் ஒன்றையே கொண்ட இந்த உறவினர்களில் நோயின் கடுமை ஏன் வேறுபடுகிறது?" என்று கேட்டால், பெரும்பாலானோர் இரண்டு வரைவிலக்கணங்களை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். விகாரத்தைக் காவுபவர்களில் எத்தனை வீதமானோரிடம் நோய் தென்படுகிறது என்பது ஊடுருவுதிறன். தென்பட்டவர்களிடம் அது எவ்வளவு கடுமையாக, எந்த வடிவில் வருகிறது என்பது வெளிப்பாட்டுத்திறன். இரண்டும் சரி. ஆனால் "ஏன்" என்ற கேள்விக்கு இன்னும் ஒரு சொல்லும் எழுதவில்லை.

பல்கலைக்கழகப் பரீட்சைக்கான படிப்பு விடுமுறையில் உவர்மலை வீட்டிலிருந்து படித்தபோது, பத்து நோய்களின் பெயர்களை மனப்பாடம் செய்யாமல் ஒன்றை மட்டும் அடிவரை படிப்பதென்று எடுத்தேன். அது ரெட்டினோபிளாஸ்டோமா, சிறு பிள்ளைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய். இதையே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே ஊடுருவுதிறனும் வெளிப்பாட்டுத்திறனும் ஒரே கணக்கின் இரண்டு விடைகளாக வந்துவிடும்.

13ஆம் நிறமூர்த்தத்தில் ஆர்பி1 என்ற பரம்பரையலகு இருக்கிறது. அதன் புரதம் கலப்பிரிவுக்குத் தடை போடுகிறது. பெற்றோர் ஒருவரிடமிருந்து பழுதான எதிருருவைப் பெற்ற பிள்ளையின் ஒவ்வொரு கலத்திலும் இன்னொரு நல்ல எதிருரு மிச்சம் இருக்கும். அது ஒன்றே தடையைப் பிடித்துக்கொள்ளப் போதும். வளரும் விழித்திரையில் ஏதாவது ஒரு கலம் அந்த நல்ல எதிருருவையும் இழந்தால்தான் அங்கே கட்டி தொடங்கும்.

உப்புவெளியில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவன் இந்த இடத்தில் கேட்டான்: "அக்கா, ரெண்டும் போனால்தான் வருத்தம் எண்டால் அது பின்னிடைவுதானே? பிறகேன் ஆட்சியான எண்டு சொல்லுறாங்கள்?" நல்ல கேள்வி. கலத்தின் மட்டத்தில் அது பின்னிடைவாகத்தான் நடக்கிறது. ஆனால் இரண்டாவது இழப்பு ஒரு கலத்தில் நிகழும் வாய்ப்பு மிகச் சிறியது என்றாலும், பிரிந்து பெருகும் விழித்திரைக் கலங்கள் ஏராளம். எனவே அவற்றில் ஒன்றிலாவது நிகழ்வது கிட்டத்தட்ட நிச்சயம். அதனால் குடும்பத்தைப் பார்க்கும்போது, பழுதான ஒரு எதிருருவே நோயைக் கொண்டுவருவதுபோல் தெரிகிறது. நோய் ஆட்சியானதாகக் கடத்தப்படுவதும், சிலரிடம் தவறிப்போவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

1971இல் ஆல்ஃபிரட் நட்சன் என்ற மருத்துவர் 48 நோயாளரின் விபரங்களை வைத்து இதைக் கணக்காக்கினார். விகாரத்தைக் காவும் ஒருவரில் சராசரியாக 3 கட்டிகள் தோன்றுகின்றன என்றும், ஒவ்வொருவரிலும் உள்ள எண்ணிக்கை பொய்சோன் பரம்பலுக்குப் பொருந்துகிறது என்றும் கண்டார். ஒன்றையொன்று சாராத அரிய நிகழ்வுகள் எண்ணற்ற வாய்ப்புகளில் விழும்போது வரும் பரம்பல் அது. வாடைக்காற்றோடு மழை தொடங்கும்போது முற்றத்தில் ஒரே அளவான சீமெந்துக் கற்களைக் கவனித்திருப்பீர்கள். ஒன்றில் ஐந்து துளி, பக்கத்துக் கல்லில் இரண்டு, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. கற்களுக்குள் எந்த வேறுபாடும் தேவையில்லை.

இனிக் கணக்கு. சராசரி 3 என்றால் ஒரு கட்டியும் தோன்றாமல் தப்பும் வாய்ப்பு e^(-3), அதாவது ஏறத்தாழ 0.05. ஆகவே ஊடுருவுதிறன் 95%. கண்ணுக்குக் கண் பார்த்தால் சராசரி 1.5, ஒரு கண் தப்பும் வாய்ப்பு e^(-1.5), ஏறத்தாழ 0.22. இரண்டு கண்ணிலும் நோய் வருவது 0.78 × 0.78, சுமார் 60%. ஒரு கண்ணில் மட்டும் வருவது 2 × 0.22 × 0.78, சுமார் 35%. எஞ்சிய 5% சுகமாக இருப்பவர்கள். விடைத்தாளில் நான் அழுத்தி எழுத நினைத்த வரி இங்கேதான் கிடைத்தது: வெளிப்பாட்டுத்திறன் என்பது கட்டிகளின் எண்ணிக்கைப் பரம்பல் முழுவதும், ஊடுருவாமை என்பது அதே பரம்பலில் பூச்சியம் விழுந்த இடம். இந்த நோயில் இரண்டும் தனித்தனிப் பண்புகள் அல்ல.

உறவினர்களுக்கிடையிலான வேறுபாட்டுக்கு உணவு, சூழல், மற்றப் பரம்பரையலகுகள் என்று எழுதுவது வழக்கம். அவை சற்றுப் பங்களிக்கலாம். ஆனால் ஒரே பிள்ளையின் இரண்டு கண்களைப் பாருங்கள். பரம்பரைத் தொகுதி ஒன்று, தாய் ஒருத்தி, உணவும் ஒன்று. அப்படியிருந்தும் ஒரு கண்ணில் மூன்று கட்டி, மறு கண்ணில் ஒன்றுமில்லை. எந்த ஆய்வுகூடத்திலும் இதைவிடச் சிறந்த கட்டுப்பாட்டுச் சோதனையை அமைக்க முடியாது. இந்த ஒரு வாதமே "தற்செயல்" என்ற சொல்லுக்கு விடைத்தாளில் எடை கொடுக்கும்.

இனி, பயிற்சிக்காக நான் அமைத்துக்கொண்ட ஒரு குடும்பம். பாட்டிக்குச் சிறுவயதில் ஒரு கண் நோயால் அகற்றப்பட்டது. அவருடைய மகனுக்கு 35 வயது, நோய் இல்லை. மகளுக்கு 30 வயது, நோய் இல்லை, பரிசோதனையும் செய்யவில்லை. மகனின் மூத்த பெண்ணுக்கு முதல் வயதிலேயே இரண்டு கண்களிலும் பல கட்டிகள். இளைய பையனுக்கு இரண்டு வயதில் ஒரு கண்ணில் ஒரே கட்டி. பாட்டி, மகன், பேரப்பிள்ளைகள் இருவர் ஆகிய நால்வரிடமும் ஒரே விகாரம். ஊடுருவுதிறன் 95% என்று வினாவே தருகிறது. மகனின் அடுத்த பிள்ளைக்கும், மகளின் முதற்பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு என்ன?

மகனின் கணக்கு எளிது. தன்னில் நோய் இல்லாவிட்டாலும் அவர் நிச்சயமான காவி. ஆகவே 1/2 × 0.95, 47.5%. அவருடைய சுகம் பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பும் தராது, ஏனென்றால் கடத்தப்படுவது விகாரம். அவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் கடத்தப்படுவதில்லை. "தகப்பனில் இலேசானது, பிள்ளையிலும் இலேசாகத்தான் வரும்" என்று எழுதுபவர்கள் இங்கேதான் புள்ளியை இழக்கிறார்கள்.

மகளின் கணக்கில் 1/2 × 1/2 × 0.95 என்று போட்டு 24% எழுதிவிடுவார்கள். அவர் 30 வயதுவரை சுகமாக இருக்கிறார் என்ற தகவலை அது வீசியெறிந்துவிடுகிறது. இப்படி எண்ணுங்கள்: பாட்டியைப் போன்ற ஒருவருக்கு 200 பிள்ளைகள் என்று வைத்தால், 100 பேர் விகாரம் இல்லாதவர்கள், எல்லோரும் சுகம். மற்ற 100 பேரில் 95 பேருக்கு நோய், 5 பேர் சுகம். சுகமாக நிற்கும் 105 பேரில் காவிகள் 5 பேர், அதாவது 4.8%. அதை 1/2 ஆலும் 0.95 ஆலும் பெருக்கினால் பிள்ளைக்கு 2.3%.

இப்போது ஊடுருவுதிறனை 50% ஆகக் குறைத்துப் பாருங்கள். சுகமானவர்கள் 150, அவர்களில் காவிகள் 50, மூன்றில் ஒன்று. பிள்ளைக்கான வாய்ப்பு 1/3 × 1/2 × 1/2, அதாவது 8.3%. ஊடுருவுதிறன் குறைய, சுகமாயிருக்கும் உறவினரின் பிள்ளைக்கு ஆபத்து கூடியிருக்கிறது! குறைந்த ஊடுருவுதிறன் என்றால் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்த எனக்கு இந்த விடை மிகவும் பிடித்துப்போனது. சுகம் என்பது அங்கே நம்பக்கூடிய சான்றாக இல்லை என்பதே இதன் பொருள்.

அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்மையில் உண்டு. ஆர்பி1 புரதத்தின் 661ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாக டிரிப்டோபன் வந்துவிடும் விகாரம் நன்கு அறியப்பட்டது. அந்தப் புரதம் முற்றாகப் பழுதாகாமல் பாதி வேலை செய்கிறது, எனவே நல்ல எதிருரு போன கலங்களிலும் தடை கொஞ்சம் எஞ்சுகிறது. சராசரிக் கட்டி எண்ணிக்கை 0.7 என்று வைத்துப் பாருங்கள்: தப்புபவர்கள் e^(-0.7), சுமார் 50%. இரண்டு கண்ணிலும் நோய் வருபவர்கள் 9% மட்டுமே. ஆகவே ஊடுருவுதிறன் குறைந்த குடும்பத்தில் நோய் வந்தவர்களிடமும் அது பெரும்பாலும் ஒரு கண்ணோடு நிற்கும். குடும்பத்துக்குக் குடும்பம் உள்ள வேறுபாட்டை விகாரத்தின் வகையும், ஒரே குடும்பத்துக்குள் உள்ள வேறுபாட்டைத் தற்செயலும் விளக்குகின்றன என்று பிரித்து எழுதுங்கள்.

மேலே உள்ள குடும்பத்தில் நான்கு காவிகளில் மூவருக்கு நோய், எனவே ஊடுருவுதிறன் 75% என்று கணக்கிட ஆசை வரும். நான்கு பேர் போதாது என்பது ஒரு பக்கம். அந்தக் குடும்பம் வைத்தியரின் பார்வைக்கு வந்ததே ஒரு பிள்ளைக்கு நோய் வந்ததால்தான் என்பது மற்றப் பக்கம். முதலில் வந்த அந்தப் பிள்ளையைக் கணக்கில் சேர்த்தால் வீதம் செயற்கையாக உயரும். வயதையும் பாருங்கள். இந்த நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடும், ஆகவே 35 வயதுக்காரரின் சுகத்தை எண்ணலாம், ஆறு மாதக் குழந்தையின் சுகத்தை எண்ணக்கூடாது. இன்னொன்று: "நோயில்லாத" பெற்றோரின் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்தால், சிலரிடம் பெருகாமல் நின்றுபோன ரெட்டினோமா என்ற தீங்கற்ற கட்டி தென்படும். அந்த மகனிடம் அப்படியொன்று இருந்தால் அவர் ஊடுருவாதவர் அல்லர், மிக இலேசான வெளிப்பாடு உள்ளவர். எப்படிப் பார்த்தோம் என்பதைச் சொல்லாமல் ஊடுருவுதிறனுக்கு ஒரு எண் சொல்ல முடியாது.

தற்செயல் என்ற விடையை எல்லா நோய்க்கும் ஒட்டவும் கூடாது. பிஆர்பிஎஃப்31 என்ற பரம்பரையலகின் விகாரத்தால் வரும், விழித்திரை படிப்படியாகச் சிதையும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவிலும் ஆட்சியான நோய் தலைமுறை தவறுகிறது. அங்கே குறைபாடு புரதத்தின் அளவில். விகாரத்தைக் காவாத பெற்றோரிடமிருந்து வந்த நல்ல எதிருரு, ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவில் வேலை செய்கிறது; கூடுதலாகச் செய்யும் எதிருருவைப் பெற்ற காவிக்குப் பார்வை தப்புகிறது, குறைவானதைப் பெற்ற சகோதரத்துக்குப் பார்வை போகிறது. எனவே விகாரம் வராத பக்கத்துப் பெற்றோரின் இரண்டு எதிருருக்களில் யாருக்கு எது போனது என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் ஒழுங்கு தெரியும். இரண்டு நோயையும் பிரித்தறிய மறுபடி கண்களையே பாருங்கள்: ரெட்டினோபிளாஸ்டோமாவில் ஒரே ஆளின் இரு கண்களும் வேறுபடலாம், இதில் இரு கண்களும் ஏறத்தாழ ஒரேமாதிரிப் பாதிக்கப்படும், ஏனென்றால் வேறுபாட்டைத் தீர்மானித்த எதிருரு எல்லாக் கலத்திலும் ஒன்றே.