மூன்று தடவை அமுக்கும் பட்டன்

சித்தப்பா குடும்பம் கும்பகோணத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாக போன் வந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்கள் மடிப்பாக்கம் வீட்டு கமோடுதான். ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணினால் தண்ணீர் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும். மூன்று தடவை அமுக்கவேண்டும், நடுவில் டேங்க் நிறையக் காத்திருக்கவும் வேண்டும்.

வந்த பிளம்பர் எட்டிப் பார்த்த வேகத்திலேயே "கமோடையே மாத்திடலாம் சார்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. ஒரு பக்கெட் தண்ணீரை மொத்தமாக உள்ளே ஊற்றிப் பார்த்தேன். கடகடவென்று எல்லாம் இறங்கிவிட்டது. அப்படியானால் கீழே அடைப்பில்லை, மேலிருந்து வரும் தண்ணீர்தான் போதவில்லை.

டேங்க் மூடியைத் திறந்தேன். உள்ளே நடுவில் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு ஒரு இஞ்ச் கீழே வரை தண்ணீர் நிற்கவேண்டும். இங்கே நாலு இஞ்ச் கீழே நின்றது. கூடவே ஒரு தண்ணீர் பாட்டிலும் படுத்திருந்தது.

"அப்பா, இது என்ன?"

"2019-ல தண்ணிப் பஞ்சம் வந்துச்சே, அப்ப போட்டேன். ஃப்ளோட் கம்பியையும் கொஞ்சம் வளைச்சு விட்டேன்."

கொஞ்சமா! அதற்கப்புறம் எத்தனை மழை பெய்துவிட்டது. பாட்டிலை எடுத்துவிட்டு, கம்பியை மேல்பக்கமாக வளைத்து மட்டத்தைச் சரி செய்தேன். ஃப்ளஷ் பாதி தேறியது. ஆனால் முன்பக்கம் மட்டும் அருவி, இரண்டு பக்கமும் வறட்சி.

மனைவியின் கைக்கண்ணாடியை (இப்போது புதிது வாங்கவேண்டுமாம்) விளிம்புக்கு அடியில் நீட்டிப் பார்த்தேன். வரிசையாக இருக்கும் ஓட்டைகளில் பாதிக்கு மேல் வெள்ளையும் செங்கல் நிறமுமாக மூடிக்கிடந்தன. எல்லாம் எங்கள் போர் தண்ணீரின் உப்பு.

ராத்திரி டேங்க்குக்கு வரும் வால்வை மூடிவிட்டு ஃப்ளஷ் பண்ணிக் காலி செய்தேன். 100 கிராம் எலுமிச்சை உப்பை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பாதியை ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகவே மெல்ல ஊற்றினேன். அது நேராக விளிம்புக்குள்தான் போகும். மீதியில் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து, விளிம்புக்கு அடியில் சுற்றிலும் திணித்தேன். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகவில்லை. அமிலத்தோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

காலையில் துணியை உருவினால் பொரிபொரியாகக் கொட்டியது. பிடிவாதமாக நின்ற ஓட்டைகளை மெல்லிய எலக்ட்ரிக் ஒயரால் குத்தினேன். வால்வைத் திறந்து, டேங்க் நிறைந்ததும் ஒரே அமுக்கு. சுற்றிச் சுழன்று ஒரே வாயில் விழுங்கிவிட்டது.

ஞாயிறு காலை முதலில் உள்ளே போனவர் சித்தப்பா. வெளியே வந்து துண்டால் கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "தண்ணி ரொம்பப் போகுதேப்பா. டேங்க்குள்ள ஒரு பாட்டில் போட்டு வையேன்."

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. நேராக ஃப்ரிட்ஜ் பக்கம் போனார்.