டாலர் கொடுத்தது எவ்வளவு, பங்கு கொடுத்தது எவ்வளவு: நான் வழுக்கிய கணக்கு

சிஎஃப்ஏ என்ற முதலீட்டுத் துறைத் தேர்வின் மூன்றாம் நிலைக்குப் படித்தபோது, வெளிநாட்டுப் பங்கு ரூபாயில் கொடுத்த வருமானத்தில் பங்கின் பங்களிப்பு எவ்வளவு, டாலரின் பங்களிப்பு எவ்வளவு என்று பிரிக்கும் இந்த ஒரு கணக்கில் மட்டும் மாதிரித் தேர்வுகளில் திரும்பத் திரும்ப மார்க் போனது. சூத்திரம் தலைகீழாகத் தெரியும், விடைதான் வராது. கடைசியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, 2022-ஐ எடுத்து ஒரு லட்ச ரூபாயை வைத்துக் கையால் போட்டுப் பார்த்தேன்.

2021 முடிவில் டாலர் சுமார் 74.3 ரூபாய், 2022 முடிவில் சுமார் 82.7. அந்த வருடம் அமெரிக்கப் பங்குகளின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 4766-இலிருந்து 3839.5-க்கு வந்தது, டிவிடெண்டை விட்டுவிட்டால் 19.4 சதவீத இறக்கம். ஒரு லட்சத்துக்கு 1346 டாலர் கிடைத்திருக்கும், அது 1084 டாலராகச் சுருங்கி, திரும்ப ரூபாயாக்கினால் சுமார் 89,700. ஆக ரூபாயில் நட்டம் 10.3 சதவீதம்.

நான் என்ன செய்தேன் என்றால், டாலர் ஏற்றம் 11.3, பங்கு இறக்கம் 19.4, கழித்து 8.1 சதவீத நட்டம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். மீதி 2.2 எங்கே? டாலருக்கு 8.4 ரூபாய் ஏறியது சரி, ஆனால் அந்த ஏற்றத்தை முழு 1346 டாலருக்கும் கணக்கில் சேர்த்துவிட்டேன். வருடக் கடைசியில் என் கையில் இருந்தது 1084 டாலர்தானே, காணாமல் போன 262 டாலருக்கு யார் ஏற்றம் கொடுப்பார்கள்? 262 × 8.4, கிட்டத்தட்ட 2200 ரூபாய். அதுதான் அந்த 2.2. பங்கும் டாலரும் சேர்ந்து ஏறியிருந்தால் இதே துண்டு கூடுதல் லாபமாக வந்திருக்கும். எனவே கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். RFC என்பது டாலரில் பங்கு கொடுத்த வருமானம், RFX என்பது டாலர் விலையின் மாற்றம்:

```
(1 + RFC)(1 + RFX) - 1
(1 - 0.194)(1 + 0.113) - 1 = -0.103
```

இன்னொரு குழி, எனக்கு அதிகம் மார்க் தின்றது இதுதான். ரூபாய் எவ்வளவு சரிந்தது என்று கேட்டால் 10.2 சதவீதம் (74.3-ஐ 82.7-ஆல் வகுத்துப் பாருங்கள்), டாலர் எவ்வளவு ஏறியது என்றால் 11.3. இரண்டும் ஒன்றல்ல. சூத்திரத்துக்குள் போக வேண்டியது 11.3, அதாவது ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்று எழுதிய விலையின் மாற்றம். கேள்வியில் ஒரு ரூபாய்க்கு எத்தனை டாலர் என்று விலை கொடுத்திருந்தால், முதலில் தலைகீழாக்கிவிட்டு அப்புறம் பேனாவை எடுங்கள்.

சொந்த ஃபண்டில் பார்க்கவும் இதே வழிதான், பின்னோக்கிப் போக வேண்டும். ஃபண்டின் ஒரு யூனிட் விலையான என்ஏவி ரூபாயில் மாறிய விகிதத்தை டாலர் விலையின் விகிதத்தால் வகுத்தால் பங்கு மட்டும் என்ன கொடுத்தது என்று வரும்: 0.897 ÷ 1.113 = 0.806. இரண்டு விகிதங்களுக்கும் ஒரே தேதிகளை எடுங்கள். எஸ்ஐபி போட்டவர்கள் ஒவ்வொரு தவணைக்கும் அன்றைய டாலர் விலையைத் தனியாக வைத்துத்தான் போட முடியும், வருட ஆரம்ப விலை அங்கே உதவாது.