மதில்மேல் பூனை: ஒரு ஃபிளிப்-ஃபிளாப் நாட்குறிப்பு

ஜூன் 3

போர்டு மறுபடியும் தொங்கிவிட்டது. 95 மணி நேரத்தில் இது 7-வது தடவை. ரீசெட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து ஓடுகிறது. சிமுலேஷனில் ஒரு தடவைகூட வரவில்லை. டைமிங் ரிப்போர்ட்டில் ஒரு மீறலும் இல்லை.

இன்று தொங்கிய நிலையிலேயே விட்டுவிட்டு, எஃப்பிஜிஏவின் உள்ளே இருக்கும் ஸ்டேட் மெஷினின் பிட்களை வெளியே எடுத்துப் பார்த்தேன். அது ஒன்-ஹாட் வகை. ஐந்து பிட்களில் எப்போதும் ஒன்று மட்டும் 1 ஆக இருக்க வேண்டும். ஐந்துமே 0. காத்திருக்கும் நிலையை விட்டுக் கிளம்பியிருக்கிறது, ஆனால் அடுத்த நிலைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த மாற்றத்தைத் தீர்மானிக்கும் சிக்னல் ஒன்றே ஒன்றுதான்: பக்கத்துப் போர்டிலிருந்து வரும் `req_in`. அந்தப் போர்டு தன் சொந்த ஆசிலேட்டரில் ஓடுகிறது. என் க்ளாக் 100 மெகாஹெர்ட்ஸ். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சீனியரிடம் காட்டினேன். "சிமுலேஷன்ல வராதது போர்டுல வருதுன்னா, முதல்ல க்ளாக் மாறுற இடத்தைப் பாருங்க" என்றார். "ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பில் பிடித்துவிட்டுத்தானே சார் உள்ளே விடுகிறேன்" என்றேன். "ஒண்ணுதானே வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 5

அந்த 'ஒண்ணுதானே' இரண்டு நாளாக மனதை அரித்துக்கொண்டே இருந்தது. இன்று உட்கார்ந்து அடிப்படையிலிருந்து யோசித்தேன்.

ஃபிளிப்-ஃபிளாப்பின் உள்ளே ஒரு லேட்ச் இருக்கிறது: ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாக, வளையமாகக் கட்டிய இரண்டு இன்வர்ட்டர்கள். இந்த வளையத்துக்கு நிலையான இடங்கள் இரண்டு, 0 மற்றும் 1. இவற்றுக்கு நடுவில், சரியாகச் சமநிலையில், மூன்றாவதாக ஒரு புள்ளியும் உண்டு. க்ளாக் விளிம்பு வரும் அதே நொடித்துணுக்கில் உள்ளீடும் மாறினால், வளையம் அந்த நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் விடப்படுகிறது. மதில்மேல் பூனை. எந்தப் பக்கம் குதிக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும், எப்போது குதிக்கும் என்பதும் தெரியாது. இதைத்தான் மெட்டாஸ்டெபிலிட்டி என்கிறோம்.

விளிம்புக்கு முன்னும் பின்னும் உள்ளீடு மாறாமல் இருக்க வேண்டிய நேரத்தை, செட்டப் நேரம், ஹோல்டு நேரம் என்று டேட்டாஷீட்டில் கொடுப்பது இந்த இக்கட்டைத் தவிர்க்கத்தான். சிக்னலை அனுப்புவதும் பிடிப்பதும் ஒரே க்ளாக்கில் ஓடினால் அந்த விதியைக் காப்பாற்றிவிடலாம். வேறொரு ஆசிலேட்டரிலிருந்து வரும் சிக்னலிடம் போய் 'இந்த நேரத்தில் மாறாதே' என்று யார் சொல்வது?

நடுப்புள்ளியிலிருந்து ஒரு சின்ன விலகல் இருந்தால், வளையம் அதைப் பெருக்கும். அந்த வளையத்துக்கே உரிய ஒரு நேர அளவு τ; ஒவ்வொரு τ நேரத்துக்கும் விலகல் சுமார் 2.7 மடங்காகிறது. அதனால் தொடக்க விலகல் எவ்வளவு சிறியதோ, முடிவுக்கு வர அவ்வளவு நேரம் பிடிக்கும். 'இந்த நேரத்துக்குள் கட்டாயம் முடியும்' என்று உச்சவரம்பு போட முடியாது. இரைச்சல் வந்து தள்ளிவிடாதா என்று நானும் நினைத்ததுண்டு. தள்ளும்தான். ஆனால் நடுவிலிருந்து விலக்கும் அதே அளவுக்கு, விலகிக்கொண்டிருப்பதை நடுவை நோக்கியும் தள்ளும். சராசரியில் லாபமில்லை. 1973-இல் சேனியும் மோல்னாரும் இந்தத் தடுமாற்றத்தை அளந்து காட்டி வெளியிட்ட பிறகும் பல பொறியாளர்கள் நம்ப மறுத்தார்களாம். நான் இன்றுவரை ஒற்றை ஃபிளாப்போடு நிம்மதியாக இருந்தவன், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இப்போது தொங்கலுக்கு வருகிறேன். என் ஒற்றை ஃபிளாப்பின் வெளியீடு, ஸ்டேட் மெஷினின் இரண்டு பிட்களுக்குத் தனித்தனி வழியில் போகிறது. பூனை தாமதமாகக் குதித்தால், ஒரு பிட் புது மதிப்பைப் பார்க்கிறது. இன்னொன்று பழையதைப் பார்க்கிறது. முதலாவது 'கிளம்பு' என்கிறது, இரண்டாவது 'இன்னும் யாரும் வரவில்லை' என்கிறது. ஐந்தும் 0.

ஜூன் 7

சந்தேகத்தைச் சோதிக்க ஒரு வழி தோன்றியது. என் டிசைனில் அந்த ஃபிளாப்பிலிருந்து ஸ்டேட் பிட் வரைக்கும் ஸ்லாக் 4 நானோநொடி. இதுநாள்வரை அதை மிச்சம் என்றுதான் பார்த்துவந்தேன். உண்மையில் பூனை குதித்து முடிக்க அதற்குக் கிடைக்கும் அவகாசமே அந்த 4 நானோநொடிதான்.

அப்படியானால் க்ளாக்கைக் கொஞ்சம் ஏற்றினால் அவகாசம் குறைய வேண்டும், தொங்கல் அடுக்குக்குறி வேகத்தில் கூட வேண்டும். 105 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன். காலம் 10-இலிருந்து 9.524 நானோநொடி ஆனது. ஸ்லாக் இன்னும் 3.5-க்கு மேல் இருக்கிறது, ஆக இது சாதாரண டைமிங் கோளாறாக இருக்க வழியில்லை. தொங்கினால் தானே ரீசெட் ஆகி எண்ணிக்கையைப் பதியும்படி ஒரு வாட்ச்டாக் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.

ஜூன் 8

12 மணி நேரத்தில் 10 தொங்கல். சராசரி 72 நிமிடம். 100 மெகாஹெர்ட்ஸில் சராசரி 814 நிமிடம். க்ளாக்கை வெறும் 5 சதவீதம் ஏற்றியதற்கு 11 மடங்குக்கு மேல். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, ஆனால் காரணம் இதுதான் என்பது உறுதி.

இந்த இரண்டு எண்களை வைத்தே τ-வைக் கணக்கிடலாம். சூத்திரம்:

```
MTBF = e^(tr/τ) / (T0 × fc × fd)
```

`MTBF` என்பது இரண்டு தொங்கலுக்கு இடையிலான சராசரி நேரம், `tr` என்பது அவகாசம், `fc` என் க்ளாக், `fd` உள்ளே வரும் சிக்னல் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது (எனக்கு 10 லட்சம்), `T0` என்பது அபாய ஜன்னலின் அகலம் மாதிரி ஒரு எண். 11.3 மடங்கில் 1.05 மடங்கு, க்ளாக் கூடியதால் விளைந்தது. அதனால் வகுத்தால் மீதி 10.8. அதன் இயல் மடக்கை 2.38. அவகாசம் குறைந்தது 0.476 நானோநொடி. 0.476-ஐ 2.38-ஆல் வகுத்தால் τ = 0.2 நானோநொடி.

அதைச் சூத்திரத்தில் திருப்பிப் போட்டால் T0 சுமார் 0.1 நானோநொடி வருகிறது. ஒவ்வொரு தாமதமும் தொங்கலில் முடிவதில்லை என்பதால் உண்மையான T0 இதைவிடப் பெரிதாக இருக்கலாம். τ விகிதத்திலிருந்து வருவதால் அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை. வெறும் பதினேழு நிகழ்வுகளை வைத்துப் போட்ட சராசரி என்பதையும் மறக்கவில்லை. வழிகாட்ட இது போதும்.

இந்த எண்கள் சொல்வது இது: பூனை நொடிக்கு 10,000 தடவை மதிலேறுகிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தது, 4 நானோநொடிக்குள் இறங்காத அந்த அபூர்வப் பூனையை மட்டும்தான்.

ஜூன் 11

இரண்டாவது ஃபிளாப் சேர்த்தாயிற்று.

```verilog
reg s1, s2;
always @(posedge clk) begin
  s1 <= req_in;
  s2 <= s1;
end
```

உள்ளே எல்லாரும் இனி `s2`-ஐ மட்டும்தான் பார்ப்பார்கள். `s1`-ஐ வேறு யாரும் தொடக் கூடாது. `s1` மதிலேறுவதை இது தடுக்கவில்லை, அது அதே நொடிக்கு 10,000 தடவை ஏறும். ஆனால் அடுத்த விளிம்பு வரும்வரை நடுவில் எந்த லாஜிக்கும் இல்லாததால், இறங்குவதற்கு ஏறக்குறைய ஒரு முழுக் க்ளாக் காலமே கிடைக்கிறது. `s1` தப்பான பக்கம் இறங்கினாலும் பரவாயில்லை. `req_in` அங்கேயே நிற்கிறது, அடுத்த க்ளாக்கில் சரியாகப் பிடித்துக்கொள்ளும். இதற்கு நாம் கொடுக்கும் விலை ஒரு க்ளாக் அளவு நிச்சயமின்மை மட்டுமே. சிக்னல் ஒரு க்ளாக் காலத்தைவிடக் குட்டையான பல்ஸாக இருந்தால் இந்தச் சமாதானம் செல்லாது, மொத்தமாகவே தவறிப்போகும்.

மதியம் நண்பன் வந்து, "அப்போ req கூட வர்ற அந்த எட்டு டேட்டா பிட்டுக்கும் ரெண்டு ரெண்டு போட்டுடு டா" என்றான். போட்டால் சில பிட் இந்த க்ளாக்கில் வரும், சில பிட் அடுத்ததில் வரும், நடுவில் யாருமே அனுப்பாத ஒரு எண்ணைப் படிப்பேன். `req` மட்டும் தாண்டி வரட்டும். அது வந்து சேரும்வரை டேட்டாவை அந்தப் போர்டு அசைக்காமல் பிடித்திருந்தால் போதும்.

ஜூன் 12

டைமிங் ரிப்போர்ட் பச்சையாக இருந்தது. நேற்றைய பழக்கத்தில் அப்படியே மூடியிருப்பேன். ஆனால் இனி எனக்கு ஸ்லாக் எண்தான் முக்கியம். `s1`-இலிருந்து `s2`-க்கு ஸ்லாக் 6 நானோநொடி. நான் எதிர்பார்த்தது 8.

பிளேஸ்மென்ட்டைத் திறந்து பார்த்தால் `s1` பின்னுக்குப் பக்கத்தில் ஒரு மூலையில், `s2` ஸ்டேட் மெஷினுக்கு அருகே எங்கோ நடுவில். இடையே நீளமான ஒயர். கருவியைக் குறை சொல்ல முடியாது. அதன் கணக்கில் 10 நானோநொடிக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். இந்த ஒயர் பூனையின் நேரத்தைத் தின்கிறது என்று நான் அதற்குச் சொல்லவே இல்லை. சொல்லும் விதம் விவாடோவில் ஒரு வரி:

```verilog
(* ASYNC_REG = "TRUE" *) reg s1, s2;
```

இப்போது இரண்டும் ஒரே இடத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. ஸ்லாக் 8. அந்த 2 நானோநொடியின் விலை என்ன என்று கணக்குப் போட்டேன். 6 நானோநொடியில் e^30-ஐ 10,000-ஆல் வகுத்தால் சுமார் 34 ஆண்டு. 8 நானோநொடியில் e^40, சுமார் 7.5 லட்சம் ஆண்டு. இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே பச்சை.

ஜூன் 14

"ஏழரை லட்சம் வருஷம்" என்று சீனியரிடம் பெருமையாகச் சொன்னேன். "எத்தனை போர்டு போகப்போகுது?" என்றார். ஆயிரம் என்றேன். "அப்போ ஆயிரத்தால வகுங்க. வோல்டேஜ் குறைஞ்சா τ கூடும், அதையும் 20 சதவீதம் கூட்டிப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். τ 0.24 ஆனால் அடுக்கு 40-இலிருந்து 33.3 ஆகிறது. ஒரு போர்டுக்குச் சுமார் 950 ஆண்டு. ஆயிரம் போர்டுக்கு மொத்தத்தில் வருடத்துக்கு ஒன்று தொங்கும். τ அடுக்கில் உட்கார்ந்திருப்பதால் வந்த வினை. T0 இதே 20 சதவீதம் கூடியிருந்தால், முடிவும் 20 சதவீதத்துக்கு மேல் நகர்ந்திருக்காது.

`s3` சேர்த்துவிட்டேன். தாமதம் இன்னும் ஒரு க்ளாக் கூடும், 10 நானோநொடி. இந்த `req`-க்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஜூன் 19

105 மெகாஹெர்ட்ஸில் ஐந்து நாளாக ஓடுகிறது. பழைய கணக்கில் இதற்குள் நூறு தொங்கல் வந்திருக்க வேண்டும். வாட்ச்டாக் எண்ணிக்கை 0.

இன்று காலை ரிவ்யூவில் ஒரு டீபக் எல்இடி `s1`-இலிருந்து நேராக எடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தேன். நான் வைத்ததுதான், முதல் வாரத்தில், சிக்னல் வருகிறதா என்று கண்ணால் பார்க்க. `s3`-க்கு மாற்றிவிட்டு, `s1`-இலிருந்து `s2`-க்குப் போகும் வழியைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதை ஸ்கீமாட்டிக்கில் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.