வியாழன் காலை தூக்குவாளியோடு வாருங்கள்

மதுரை எல்லீஸ் நகர் மக்களே, நம்ம தெருமுனையில் எங்கள் குடும்ப உணவகம் வியாழன் காலை 6.30-க்குத் திறக்கிறது. நாளை முதல் ஆட்டோவில் வரும் அறிவிப்பு இதுதான்:

“அம்மா, அக்கா, அன்று காலை வீட்டில் அடுப்பு பற்றவைக்க வேண்டாம்! பத்து இட்லி வாங்கினால் ஐந்து இட்லி இலவசம். சாம்பாருக்குத் தூக்குவாளி கொண்டு வாருங்கள், நிறைய ஊற்றித் தருகிறோம்!”

சலுகை பார்சலுக்கு மட்டும், வீட்டுக்கு ஒரு முறை, 10 மணி வரை. உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் கொடுத்தால் மேசை காலியாகாது, வரிசை ரோட்டுக்கு வந்துவிடும்.

மாவு முந்தின நாளே ஆட்டி இரவெல்லாம் புளிக்க வைப்பது. தீர்ந்துபோனால் அன்றே புதிதாக ஆட்டி ஊற்ற முடியாது, இட்லி கல்லாகிவிடும். அப்படித் தீர்ந்தால் வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் தருவோம். மறுநாள் அதே சலுகை. அப்புறம், பிள்ளைகளுக்கு ஸ்கூல் டிபன் கட்ட வருபவர்களுக்குத் தனி வரிசை உண்டு.