சோடியம் 114

ஆகஸ்ட் 11, திங்கள், மாலை

இன்றிரவு ஒன்பது மணிக்கு எனக்கு முதல் நைட் ஷிப்ட். ஆஸ்பத்திரி லேப்பில் சேர்ந்ததிலிருந்து பகலில்தான் இருந்தேன். பகலில் கெமிஸ்ட்ரி பக்கம் நான்கு பேர் நிற்போம். இரவில் மொத்த லேப்புக்கும் இரண்டே பேர்தான்: ரத்த வங்கியையும் ஹெமட்டாலஜியையும் சீனியர் அண்ணன் பார்ப்பார், கெமிஸ்ட்ரி என் பொறுப்பு.

அம்மா சோறு கட்டித் தந்திருக்கிறார். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு ஃபெர்ரி ஏறினால் நேரத்துக்குப் போய்விடலாம். பகலில் கொஞ்சம் தூங்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய், காலை

வீட்டுக்கு வந்து குளித்துப் பசியாறிவிட்டு எழுதுகிறேன். நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

பத்து மணிக்குக் கியூசி ஓட்டினேன், அதாவது மிஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க, அளவு முன்பே தெரிந்த திரவத்தை ஏற்றினேன். நார்மல், ஹை என இரண்டு அளவும் வரம்புக்குள் வந்தன. நள்ளிரவு வரைக்கும் வார்டு சாம்பிள்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன, பெரிய வேலை இல்லை. ஒரு மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து ரத்தப்போக்கு கேஸ் ஒன்று வந்தது. கொடுக்கப்போகும் ரத்தம் பொருந்துமா என்று கிராஸ்மேட்ச் செய்ய அண்ணன் ரத்த வங்கி அறைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை.

1.35க்கு அவசரப் பிரிவிலிருந்து ஒரு பச்சை மூடிக் குழாய் வந்தது. டயாலிசிஸ் நோயாளி. ஒரு தடவை டயாலிசிஸுக்குப் போகாமல் விட்டிருக்கிறார், கால் எழும்பவில்லை என்று கொண்டு வந்திருக்கிறார்கள். ஃபாரத்தில் ‘பொட்டாசியம், மிக அவசரம்’ என்று எழுதியிருந்தது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குப் பொட்டாசியம் போதுமான அளவு வெளியேறாது. அது ஏறினால் தசை தளரும், இதயத் துடிப்பும் தடுமாறும். ஆரோக்கியமானவருக்கு 3.5க்கும் 5.1க்கும் இடையில் இருக்கும். 6.5ஐத் தாண்டினால் உடனே போன் செய்வது எங்கள் லேப் விதி.

பத்து நிமிடம் சுழற்றினேன். அணுக்கள் குழாயில் இருக்கும் ஜெல்லுக்கு அடியில் தங்கின, மேலே நின்ற பிளாஸ்மாவை மிஷினில் ஏற்றினேன். இரண்டு மணிக்கு ரிசல்ட் திரையில் வந்தது: சோடியம் 114, பொட்டாசியம் 6.2, குளோரைடு 84.

பொட்டாசியத்தை மட்டும் பார்த்தால் எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தது: அதிகம், ஆனால் போன் செய்யும் எல்லைக்குச் சற்றுக் கீழே. என் கண் சோடியத்தில்தான் நின்றது. போன மாதம் அதே நோயாளிக்கு 138 என்று கம்ப்யூட்டர் காட்டியது. 114 இருப்பவர் பெரும்பாலும் குழம்பிப்போவார், வலிப்புகூட வரலாம். இவரோ நர்ஸிடம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாராம். மூன்று எண்ணும் சேர்ந்து, கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால் சாம்பிள் எங்கோ நீர்த்திருக்கிறது, அல்லது நீர்த்ததுபோலத் தெரிகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் பொட்டாசியமும் உண்மையில் 6.2 இல்லை, அதைவிட அதிகம்.

இப்படி ஆக மூன்று வழிகள் எனக்குத் தெரியும். முதலாவது, டிரிப் ஏறும் கையிலேயே ரத்தம் எடுத்திருப்பார்கள். டெக்ஸ்ட்ரோஸ் கலந்திருந்தால் சர்க்கரை எக்கச்சக்கமாகக் காட்டும். சேலைன் என்றால் குளோரைடு இப்படி விழாது, ஏறத்தான் செய்யும். அதே குழாயில் சர்க்கரை 6.8தான், யூரியாவும் கிரியேட்டினினும் டயாலிசிஸ் நோயாளிக்கு இருக்க வேண்டிய உயரத்திலேயே இருந்தன. ஆகவே டிரிப் கலந்து ரத்தம் நீர்க்கவில்லை.

இரண்டாவது, ரத்தத்தில் கொழுப்பு மிதமிஞ்சி இருந்தால் இப்படி நடக்கும். எங்கள் மிஷின் பிளாஸ்மாவை பஃபர் திரவத்தில் கலந்து நீர்த்த பிறகே உப்பை அளக்கும் எலெக்ட்ரோடுக்கு அனுப்பும். உப்பு இருப்பது பிளாஸ்மாவின் தண்ணீரில் மட்டும். அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால் மூன்றும் குறைவாகத் தெரியும். குழாயை விளக்குக்கு நேராகப் பிடித்தேன். பிளாஸ்மா மஞ்சளாக, அடியில் இருப்பது தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. பால்போல வெளுக்கவில்லை, சிவப்பும் இல்லை.

மிச்சம் மிஷின்தான். உடனே கியூசியை மறுபடி ஏற்றினேன். சோடியம் 140 வர வேண்டியது 116 வந்தது. பொட்டாசியம் 4.0க்கு 3.3, குளோரைடு 100க்கு 83. நோயாளிக்கு வந்த அதே சரிவு. மூன்றிலும் ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. அடுத்த நிமிடம் இந்த மூன்றையும் அளக்கும் எலெக்ட்ரோலைட் பகுதி அலாரம் அடித்து நின்றுவிட்டது.

நான் மிஷினைத் திறக்கவில்லை, முதலில் போனை எடுத்தேன். அவசரப் பிரிவு டாக்டரிடம் மலாயில் சொன்னேன்: எலெக்ட்ரோலைட் மிஷின் நின்றுவிட்டது, இந்த சாம்பிளின் ரிசல்ட்டை அனுப்ப மாட்டேன், பொட்டாசியம் நிச்சயமாக அதிகம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, ரத்தம் உறையாமல் வைக்கும் ஹெபாரின் சிரிஞ்சில் புதிதாக ரத்தம் எடுத்து ஐசியு பிளட் கேஸ் மிஷினுக்கு அனுப்புங்கள். “அப்போ கணக்குப் போட்டு ஒரு நம்பர் சொல்லுங்களேன்” என்றார். கணக்கு எனக்கும் தெரியும், 6.2ஐ ஐந்தால் வகுத்து ஆறால் பெருக்கினால் போதும். ஆனால் மிஷின் ஒவ்வொரு முறையும் அதே அளவுதான் தவறும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சொல்லவில்லை. இசிஜியில் டி அலை உயரமாகக் கூம்பியிருக்கிறது என்றார், பொட்டாசியம் ஏறியதன் அடையாளம் அது. “அதை வைத்துச் சிகிச்சையை ஆரம்பிக்கலாமே டாக்டர், நம்பருக்குக் காத்திருக்க வேண்டாம்” என்றேன். இதயத்தைக் காக்கக் கால்சியம் மருந்தை ஏற்கெனவே ஊசி வழியாக ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

அப்புறம்தான் ரத்த வங்கிக் கதவைத் தட்டினேன்.

“அண்ணே, மூணும் சேர்ந்து இறங்குது. கியூசியும் அப்படியே இறங்கியிருக்கு. என்கிட்ட இருக்கிற பிளாஸ்மாவை ஐசியு மிஷின்ல போடலாமா? நேரம் மிச்சமாகும்.”

“வேணாம்மா. அந்த மிஷின்ல முழு ரத்தத்துக்குத்தான் நாம சரிபார்த்து வெச்சிருக்கோம். பிளாஸ்மாவுக்குச் சரிபார்க்கல. சிரிஞ்ச் வரட்டும். ஆனா ஒண்ணு, அதுல ரத்தம் உடைஞ்சிருந்தா உனக்குத் தெரியாது. மிச்ச ரத்தத்தைச் சின்னக் குழாய்ல ஊத்திச் சுத்திப் பாரு.”

பிளட் கேஸ் மிஷினில் சுழற்றும் வேலையே கிடையாது. அதுதான் அதன் வேகம், அதன் ஆபத்தும் அதுதான். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் கொட்டிப்போய் பொய்யாக ஏறும். முழு ரத்தம் எப்படியும் சிவப்பாகத்தானே இருக்கிறது, எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

2.20க்கு ஐசியுவிலிருந்து எண் வந்தது: பொட்டாசியம் 7.4, சோடியம் 136. மிச்ச ரத்தத்தை அட்டெண்டன்ட் கொண்டுவந்தார். சுழற்றினேன். மேலே நின்ற பிளாஸ்மா சுத்த மஞ்சள். 7.4 உண்மைதான் என்று டாக்டருக்குச் சொன்னேன். அவர் எண்ணைத் திருப்பிச் சொன்னார். அவர் பெயரையும் 2.31 என்ற நேரத்தையும் குறித்துக்கொண்டேன். பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்துவிட்டு டயாலிசிஸ் நர்ஸை வீட்டிலிருந்து வரவழைத்திருப்பதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய், இரவு வேலைக்குப் போகும் முன்

தூங்கி எழுந்தேன். காலையில் பாதியில் விட்டதைத் தொடர்கிறேன்.

மூன்று மணிக்கு அண்ணன் ரத்த வங்கியிலிருந்து வெளியே வந்தார். போனில் சர்வீஸ் என்ஜினியர். அண்ணன் மிஷினைத் தொடாமலே ஒரு விஷயம் சொன்னார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

“பொட்டாசியம் எலெக்ட்ரோடு கெட்டா பொட்டாசியம் மட்டும் கோணும். மூணுக்கும் பொதுவான ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு கெட்டா மூணும் கோணும். ஆனா சோடியமும் பொட்டாசியமும் இறங்கினா குளோரைடு ஏறும், ஏன்னா அதோட மின்னூட்டம் எதிர். இங்க மூணும் ஒரே பக்கம் போகுது. அப்போ எலெக்ட்ரோடைக் கழற்றவே தேவையில்ல. கலக்குற இடத்தைப் பாரு.”

மூடியைத் திறந்து, சாம்பிளும் பஃபரும் கலக்கும் சின்னக் கிண்ணத்தைப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அது முழுசாக வடிய வேண்டும். வடியவில்லை, அடியில் பஃபர் தேங்கி நின்றது. அடுத்த சாம்பிள் அதன் மேலேயே விழுந்து கூடுதலாக நீர்த்துப்போகிறது. வடிக்கும் பம்பின் ரப்பர் குழாய் தேய்ந்து நசுங்கியிருந்தது. சர்க்கரையும் யூரியாவும் இந்தக் கிண்ணத்துக்கு வருவதே இல்லை, அதனால்தான் அவை சரியாக இருந்தன.

ஸ்பேர் பெட்டியில் குழாய் இருந்தது. என்ஜினியர் போனில் சொல்லச் சொல்ல அண்ணன் மாற்றினார், நான் டார்ச் பிடித்தேன். கேலிப்ரேஷன் பாஸ், இரண்டு கியூசியும் பாஸ். ஜெல்லுக்கு மேலே மூடி வைத்திருந்த அதே பிளாஸ்மாவை மறுபடி ஓட்டினோம்: சோடியம் 137, பொட்டாசியம் 7.5, குளோரைடு 101. குழாயைத் திரும்பச் சுழற்றக் கூடாது என்று அண்ணன் கையைப் பிடித்துச் சொன்னார். ஜெல்லுக்கு அடியில் அணுக்களோடு கிடக்கும் திரவத்தில் பொட்டாசியம் கசிந்து ஏறியிருக்கும், மறுபடி சுழற்றினால் அது மேலே வந்துவிடும்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். “இனிமேதான் வேலையே” என்றார் அண்ணன். பத்து மணிக் கியூசி சரி, இரண்டு மணிக் கியூசி தவறு. நடுவில் போன ரிசல்ட்டுகள்? கடைசியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சாம்பிளையும் எடுத்து மறுபடி ஓட்டினோம். பழைய எண்ணும் புதிய எண்ணும் தொடர்ந்து ஒத்துப்போகும் வரை போனோம். 11.40க்கு முந்தையவை எல்லாம் ஒத்துப்போயின. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்திருக்கிறது.

12.50க்கு மருத்துவ வார்டில் ஒரு பாட்டிக்கு சோடியம் 129, பொட்டாசியம் 3.3 என்று போயிருந்தது. உண்மையில் 139, 3.6. நீர் இறங்க மாத்திரை சாப்பிடுபவர். அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சோடியமும் பொட்டாசியமும் இப்படிச் சேர்ந்து குறைவது வழக்கம்தான், ஆகவே தனியாகப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. டயாலிசிஸ் நோயாளியின் 114 என்னைப் பிடித்து நிறுத்தியது, இந்த 129 யாரையும் நிறுத்தியிருக்காது. வார்டுக்குப் போன் செய்தேன். காலையில் மாத்திரையை நிறுத்தவும் பொட்டாசியம் மருந்து கொடுக்கவும் எழுதியிருந்தார்களாம், இன்னும் கொடுக்கவில்லை. திருத்திய ரிசல்ட்டை அனுப்பி, பழையது செல்லாது என்று குறிப்பும் போட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

என்ஜினியர் நேரில் வந்து பார்த்தார். அந்தக் குழாயை மாதக்கணக்கு வைத்து மாற்றுவதுதான் வழக்கம். எங்கள் மிஷினில் சாம்பிள் எண்ணிக்கை கூடியதால் கெடுவுக்கு முன்பே தேய்ந்துவிட்டது. இனி எண்ணிக்கையை வைத்து மாற்ற வேண்டும் என்று லாக் புக்கில் எழுதினார்.

இரவில் ஒரே ஒரு கியூசி போதாது என்று சீஃப்பிடம் அண்ணன் பேசினார். இப்போது இரண்டு மணிக்கும் ஒன்று ஓட்டுகிறோம். அதோடு நான் இன்னொன்றும் செய்கிறேன்: தொடர்ந்து வரும் சோடியம் எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைக்கிறேன். வெவ்வேறு வார்டு ஆட்களுக்கு வரிசையாக 131, 130, 129 என்று வந்தால் அது நோயாளிகளின் பிரச்சினையாக இருக்காது. இரண்டு மணி வரை காத்திராமல் அங்கேயே கியூசி ஓட்டிவிடலாம்.

டயாலிசிஸ் முடிந்த பிறகு அந்த நோயாளியின் சாம்பிள் செவ்வாய் மதியமே வந்திருந்தது. பகல் ஷிப்டில் ஓட்டியிருக்கிறார்கள்: பொட்டாசியம் 4.6, சோடியம் 138. இன்றிரவு மறுபடி நைட். கிண்ணம் வடிகிறதா என்று கியூசி போடும்போதே மூடியைத் திறந்து பார்த்துவிடுவேன்.